மிதப்பு விசை, திரவ அழுத்தக் கணக்கு: விடை சரியா என்று பார்க்கும் முறை

எஸ்.பி.எம். இயற்பியலில் மிதப்பு விசைக் கணக்கு தவறிப்போகும்போது சூத்திரம் தவறுவது குறைவு. F = ρVg என்றும் P = hρg என்றும் மாணவர் சரியாகவே எழுதியிருப்பார். அந்த எழுத்துகளுக்கு எந்த எண்ணைப் போட்டார் என்பதில்தான் பிழை ஒளிந்திருக்கும். ஐந்தாம் படிவத்தில் இரண்டு சூத்திரங்களும் ‘அழுத்தம்’ என்ற ஒரே இயலில் வருகின்றன. இரண்டிலும் அடர்த்தி ρ, ஈர்ப்பு முடுக்கம் g இருக்கின்றன. ஒன்றில் ஆழம் h, மற்றதில் மூழ்கிய கன அளவு V. இரண்டையும் ஒரே கேள்வியில் கலந்து கேட்டால், மரத்தின் அடர்த்தியைத் தண்ணீருக்கும், முழுக் கன அளவை மூழ்கிய பகுதிக்கும், கடலின் ஆழத்தைக் கட்டையின் உயரத்துக்கும் மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

இந்த மூன்று குழப்பங்களையும் விடைத்தாளில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஒரே ஒரு கட்டையை வைத்துப் பார்ப்போம். புதிதாக டியூசன் எடுக்கத் தொடங்கியவர்களுக்கும், வீட்டில் பிள்ளையின் தாளைத் திருத்திப் பார்க்கும் அம்மா அப்பாவுக்கும், தன் விடையைத் தானே சரிபார்க்கும் மாணவருக்கும் இந்த முறை உதவும்.

கணக்கு

பினாங்குத் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவிலுள்ள கடலில் ஒரு மரக்கட்டை மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடிப்பக்கம் 0.50 மீட்டருக்கு 0.40 மீட்டர், உயரம் 0.30 மீட்டர். மரத்தின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 700 கிலோ. கடல்நீரின் அடர்த்தி 1025 கிலோ. g = 9.81. கட்டை சாயாமல், அடிப்பக்கம் கீழே இருக்குமாறு நேராக மிதக்கிறது.

கேள்விகள் மூன்று. மிதக்கும்போது மிதப்பு விசை எவ்வளவு, அடிப்பக்கத்தில் கடல்நீர் தரும் அழுத்தம் எவ்வளவு? மேல்பக்கம் தண்ணீர் மட்டத்துக்கு வரும் வரை கட்டையை அழுத்திப் பிடிக்க எவ்வளவு விசை வேண்டும்? மேல்பக்கம் 4 மீட்டர் ஆழத்தில் இருக்கும்படி கட்டையைக் கடலடியோடு கயிற்றால் கட்டினால் கயிற்றின் இழுவிசை எவ்வளவு?

முதலில் எடை

எந்த மிதப்புக் கணக்கைத் திருத்தினாலும் முதலில் பொருளின் எடையைத் தனியாகக் கணக்கிட்டுத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கேள்வி எடையைக் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். பிறகு வரும் எல்லா ஒப்பீட்டுக்கும் அதுதான் அளவுகோல்.

கட்டையின் முழுக் கன அளவு 0.50 × 0.40 × 0.30 = 0.060 கன மீட்டர். நிறை 700 × 0.060 = 42 கிலோ. எடை 42 × 9.81 = 412 நியூட்டன். மரத்தின் அடர்த்திக்கு இந்தக் கணக்கில் இருக்கும் ஒரே வேலை இதுதான். எடை கண்டுபிடித்ததும் அதன் வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு 700 என்ற எண் எங்கே தலைகாட்டினாலும் அந்த வரியில் நின்று பாருங்கள்.

மிதக்கும்போது

கட்டை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆகவே மிதப்பு விசையும் எடையும் சமம்: 412 நியூட்டன். அந்த விசையைத் தர எவ்வளவு கடல்நீர் விலக வேண்டும்? 42 ÷ 1025 = 0.0410 கன மீட்டர். இதுதான் மூழ்கிய கன அளவு. இதை அடிப்பரப்பான 0.20 சதுர மீட்டரால் வகுத்தால், கட்டை 0.205 மீட்டர் ஆழத்துக்கு மூழ்கியிருக்கிறது என்று கிடைக்கும். மொத்த உயரம் 0.30 மீட்டர். ஆகவே ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர் வெளியே நிற்கும்.

அடிப்பக்கத்தில் நீரின் அழுத்தம் 0.205 × 1025 × 9.81, அதாவது சுமார் 2060 பாஸ்கல். இதை அடிப்பரப்பால் பெருக்குங்கள்: 2060 × 0.20 = 412 நியூட்டன். எடையோடு ஒத்துப்போகிறது. நிமிர்ந்து மிதக்கும் செவ்வகக் கட்டைக்கு இதுவே மிகச் சுருக்கமான சோதனை. பக்கங்களில் நீர் தள்ளுவது ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மேலே தள்ளுவது அடிப்பக்கம் மட்டுமே. மேல்பக்கத்தில் தண்ணீர் இல்லை. காற்றின் அழுத்தம் மேல்பக்கத்தில் நேரடியாகவும், அடிப்பக்கத்தில் தண்ணீர் வழியாகவும் வந்து சேர்வதால் அது கழிந்துவிடும்.

சரியான எண், தவறான வழி

இங்கேதான் திருத்துபவர் ஏமாறும் இடம். ஒரு மாணவர் மிதப்பு விசையை இப்படிக் கணக்கிடுகிறார்: 700 × 0.060 × 9.81 = 412 நியூட்டன். எண் சரி. ஆனால் சூத்திரத்தில் அவர் போட்டது மரத்தின் அடர்த்தியையும் முழுக் கன அளவையும்தான். இரண்டும் F = ρVg கேட்பவை அல்ல. உண்மையில் அவர் கண்டுபிடித்தது எடை. மிதக்கும் பொருளுக்கு எடையும் மிதப்பு விசையும் சமம் என்பதால் இரண்டு பிழைகளும் சேர்ந்து தற்செயலாகச் சரியான எண்ணைத் தந்துவிட்டன.

அழுத்தத்திலும் இதே கதைதான். 700 × 9.81 × 0.30 = 2060 பாஸ்கல். கடல்நீருக்குப் பதில் மரம், மூழ்கிய ஆழத்துக்குப் பதில் முழு உயரம். ஆனாலும் விடை சரியாக வருகிறது. ‘எடையை அடிப்பரப்பால் வகுத்தேன்’ என்று தெரிந்தே எழுதியிருந்தால் அது முறையான வழி. ‘ஆழம் = 0.30’ என்று எழுதியிருந்தால் குழப்பம்.

நன்னீருக்கு மாற்றிக் கேட்டால் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. நன்னீரிலும் கட்டை மிதப்பதால் மிதப்பு விசை அதே 412 நியூட்டன், அடிப்பக்க அழுத்தம் அதே 2060 பாஸ்கல். மாறுவது மூழ்கும் ஆழம் மட்டும்: 0.205 மீட்டரிலிருந்து 0.210 மீட்டராகும். ஆகவே ‘எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறது?’ என்று கேளுங்கள். அல்லது கட்டையை முழுதாக மூழ்கடிக்கச் சொல்லுங்கள். தவறான வழியில் வந்தவர் இந்த இரண்டு இடங்களில்தான் பிடிபடுவார்.

அடர்த்தி குறைந்த நீரில் கூடுதலாகத்தான் மூழ்கும். இந்தத் திசை மாறிப்போனால், பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பலின் பக்கத்தில் வரைந்திருக்கும் சுமைக்கோடுகளை நினைவில் கொள்ளுங்கள். வெப்பமண்டல நன்னீருக்கான TF கோடு, வெப்பமண்டலக் கடல்நீருக்கான T கோட்டுக்கு மேலே இருக்கும். அதே சுமையோடு நன்னீரில் கப்பல் கூடுதலாக அமிழும் என்பதால்தான் அந்த இடைவெளி.

முழுதாக அழுத்தும்போது

இப்போது மேல்பக்கம் தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது. மூழ்கிய கன அளவு முழு 0.060 கன மீட்டர். மிதப்பு விசை 1025 × 0.060 × 9.81 = 603 நியூட்டன். எடை 412. மேலிருந்து அழுத்த வேண்டிய விசை 603 − 412 = 191 நியூட்டன். ஏறத்தாழ 19.5 கிலோ மூட்டையை மேலே வைத்ததற்குச் சமம்.

முன்பு 700 × 0.060 போட்டவர் இங்கேயும் அதையே போட்டால் மிதப்பு விசை 412 என்றே வரும், அழுத்த வேண்டிய விசை பூஜ்யமாகிவிடும். தண்ணீருக்கு வெளியே 9.5 சென்டிமீட்டர் நிற்கும் கட்டையை விசையே இல்லாமல் மூழ்கடிக்கலாம் என்றாகும். அந்த விடை தவறு என்பதை மாணவரே பார்த்துக்கொள்வார், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. மிதக்கும் நிலைக்கே 603 நியூட்டன் என்று எழுதுவார்கள். கடல்நீரின் அடர்த்தி சரி, கன அளவுதான் முழுதாகப் போய்விட்டது. ஓரத்தில் எழுதி வைத்த 412 இங்கே பயன்படும். மிதப்பு விசை எடையைவிட 191 நியூட்டன் அதிகம் என்றால் கட்டை அசையாமல் நிற்க முடியாது, மேலே கிளம்பும். ‘மிதந்து அசையாமல் நிற்கிறது’ என்று கேள்வி சொல்லும்போது எடையோடு ஒத்துப்போகாத எந்த மிதப்பு விசையும் தவறு. கயிறு, கை, அடித்தரை எதுவும் தொடாதபோது இந்த விதி அப்படியே பொருந்தும். அவற்றில் ஏதாவது ஒன்று தொட்டால் அதன் விசையையும் சேர்த்துத்தான் சமன்பார்க்க வேண்டும்.

4 மீட்டர் ஆழத்தில்

மூன்றாம் கேள்வியில் அதிகம் பேர் தடுக்கி விழுவது அந்த ‘4’ என்ற எண்ணில். கேள்வியில் ஓர் எண் கொடுத்திருந்தால் அதை எங்கேயாவது பயன்படுத்தியே தீர வேண்டும் என்ற பழக்கம் பலருக்கு உண்டு. 4 × 1025 × 9.81 × 0.20 = 8044 நியூட்டன் என்று எழுதிவிடுவார்கள். இது மேல்பக்கத்தைத் தண்ணீர் கீழ்நோக்கி அழுத்தும் விசை, மிதப்பு விசை இல்லை.

மிதப்பு விசை என்பது அடிப்பக்கத்தை நீர் மேலே தள்ளுவதற்கும் மேல்பக்கத்தைக் கீழே தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். மேல்பக்கம் 4.00 மீட்டரில், அடிப்பக்கம் 4.30 மீட்டரில். மேல்பக்க அழுத்தம் 40 221 பாஸ்கல், அடிப்பக்க அழுத்தம் 43 238 பாஸ்கல். வித்தியாசம் 3017 பாஸ்கல். அதை 0.20 சதுர மீட்டரால் பெருக்கினால் 603 நியூட்டன். தண்ணீர் மட்டத்தில் அழுத்திப் பிடித்தபோது கிடைத்த அதே எண். கயிற்றின் இழுவிசையும் அதே 191 நியூட்டன். 4 மீட்டரை 8 மீட்டராக மாற்றினால் இரண்டு அழுத்தங்களும் ஏறும், வித்தியாசம் மாறாது.

இந்த இரண்டாவது வழியை ஒருமுறையாவது முழுதாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே ஆழம் வேலை செய்கிறது, எங்கே உயரம் வேலை செய்கிறது என்பது இதைவிடத் தெளிவாக வேறெதிலும் தெரியாது. இதைச் செய்யும்போது எண்களை முன்கூட்டியே சுருக்கிவிடக் கூடாது. 40 000, 43 000 என்று சுருக்கினால் வித்தியாசம் 3000, விசை 600 என்று விடை நகர்ந்துவிடும். இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணை எடுக்கும்போது கடைசி வரியில் மட்டும் சுருக்குவது நல்லது.

ஆழத்தை எங்கிருந்து அளப்பது என்பதும் இதே இடத்தில் குழம்பும். h எப்போதும் திறந்த நீர்மட்டத்திலிருந்து செங்குத்தாகக் கீழே அளப்பது. 6 மீட்டர் ஆழமுள்ள இடத்தில், ‘கடலடியிலிருந்து 1.7 மீட்டர் உயரத்தில்’ அடிப்பக்கம் இருக்கிறது என்று கேள்வி கொடுத்தால் h = 4.3. இங்கே 1.7 போட்டவர் ஆழத்தைத் தலைகீழாக எடுத்திருக்கிறார்.

வகுத்துப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தல்

செய்முறை எழுதாமல் வெறும் விடையை மட்டும் எழுதியிருந்தால்? மாணவரின் விடையைச் சரியான விடையால் வகுங்கள். கிடைக்கும் விகிதமே பெரும்பாலும் பிழையின் பெயரைச் சொல்லிவிடும்.

முழுதாக மூழ்கிய நிலையில் விகிதம் 0.683 என்று வந்தால் அது 700 ÷ 1025. கடல்நீருக்குப் பதில் மரத்தின் அடர்த்தி போயிருக்கிறது. மிதக்கும் நிலையில் 1.46 வந்தால் அதன் தலைகீழ்: முழுக் கன அளவு போயிருக்கிறது. 0.976 வந்தால் 1000 ÷ 1025, கடல்நீரை நன்னீராக எடுத்துவிட்டார். 13.3 வந்தால் 4 ÷ 0.30, கட்டையின் உயரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆழம் உட்கார்ந்திருக்கிறது. பத்து இலட்சம் மடங்கு பெரிதாக இருந்தால் கன சென்டிமீட்டரைக் கன மீட்டராக மாற்ற மறந்திருக்கிறார். விகிதத்தில் எதுவும் பிடிபடாமல், கழித்துப் பார்த்தால் 101 000 பாஸ்கல் அளவுக்கு வித்தியாசம் வந்தால் வளிமண்டல அழுத்தத்தைச் சேர்த்தோ விட்டோ இருக்கிறார். கேள்வி ‘நீரினால் ஏற்படும் அழுத்தம்’ என்று கேட்கிறதா, ‘மொத்த அழுத்தம்’ என்று கேட்கிறதா என்று மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன விகிதங்கள் இந்தக் கட்டைக்கு உரியவை. வேறு கணக்கில் அந்தக் கணக்கின் எண்களைக் கொண்டு புதிதாக வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே கேள்வி அமைப்பதாக இருந்தால், அடர்த்தி 500, உயரம் 0.50, ஆழம் 5 என்று அழகான எண்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்படி வைத்தால் ஒரே விகிதம் இரண்டு மூன்று பிழைகளுக்குப் பொருந்திவிடும், எது நடந்தது என்று தெரியாது.

சமையலறைத் தராசில்

எண்களால் நம்பாத பிள்ளைக்குச் செய்து காட்டலாம். 5 கிலோ தாங்கும் மின்னணுச் சமையல் தராசு, வாய் அகன்ற பாத்திரம், இறுக்கமாக மூடும் செவ்வகப் பிளாஸ்டிக் டப்பா, கொஞ்சம் அரிசி, இரண்டு சாத்தே குச்சி இருந்தால் போதும்.

டப்பாவின் வெளி அளவு 10 × 8 × 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 480 கன சென்டிமீட்டர். மூடியோடு சேர்த்து மொத்தம் 336 கிராம் வரும் வரை அரிசி போட்டு மூடுங்கள். சராசரி அடர்த்தி 700 கிலோவாகிவிடும், நம் கட்டையின் ஐந்தில் ஒரு பங்கு அளவு மாதிரி. வேறு அளவு டப்பா என்றால் அதன் கன சென்டிமீட்டரை 0.7 ஆல் பெருக்கி அத்தனை கிராம் வையுங்கள்.

தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். டப்பாவை மிதக்க விடுங்கள். தராசு 336 காட்டும். டப்பாவின் கன அளவு 480 ஆக இருந்தும் 336 தான். இப்போது குச்சிகளால் மூடியை மெதுவாக அழுத்துங்கள். எண் ஏறி, மூடி தண்ணீருக்குள் போனதும் ஏறத்தாழ 480 இல் நின்றுவிடும். நன்னீருக்கு ஒரு கன சென்டிமீட்டர் ஒரு கிராம் என்பதால், தராசு காட்டுவது நேராக மூழ்கிய கன அளவுதான். இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே தள்ளுங்கள். 480 அப்படியே இருக்கும். ஆழத்துக்கு இதில் பங்கு இல்லை என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது.

எண் 480 ஐத் தாண்டி விடாமல் ஏறினால் டப்பா அடியில் முட்டிவிட்டது, நீங்கள் தராசையே அழுத்துகிறீர்கள் என்று பொருள். ஏழெட்டு கிராம் கூடக் காட்டினால் குச்சிகளும் மூழ்கியிருக்கின்றன, அல்லது மூடியின் விளிம்பும் கன அளவில் சேர்ந்திருக்கிறது. மூழ்கடித்த பிறகு டப்பாவை விட்டதும் தராசு அதே 336 காட்டினாலும், டப்பா முன்பைவிடத் தாழ்வாக மிதந்தால் உள்ளே தண்ணீர் கசிந்திருக்கலாம். துடைத்து நிறுத்துப் பாருங்கள். பாத்திரம் வழிந்து தண்ணீர் தராசுக்கு வெளியே போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எங்கே இது பொருந்தாது

முழுதாக மூழ்கிய பொருளுக்கு ஆழம் மாறினாலும் மிதப்பு விசை மாறாது என்றது, அமுங்காத பொருளுக்கு. ஊதிய பலூனைக் கடலில் ஏறத்தாழ 10 மீட்டர் கீழே கொண்டுபோனால் மொத்த அழுத்தம் இரண்டு மடங்காகும், பலூனின் கன அளவு சுமார் பாதியாகும், மிதப்பு விசையும் பாதியாகும். அப்போதும் மாறியது V தான். அந்த ஆழம் V வழியாகத்தான் உள்ளே வருகிறது.

கட்டை கடலடிச் சேற்றில் அப்பிக்கொண்டு, அடிப்பக்கத்துக்குக் கீழே தண்ணீரே புகாமல் இருந்தால் F = ρVg ஐ அப்படியே போட முடியாது. கீழிருந்து தள்ள அங்கே நீர் இல்லை. பாடநூல் கேள்விகள் இந்த நிலையைத் தவிர்த்துவிடும். ஆனால் ‘கடலடியில் கிடக்கிறது’ என்ற சொல்லைப் பார்த்ததும் எடையும் மிதப்பு விசையும் சமம் என்று எழுதுபவர்கள் உண்டு. சேறில்லாத சாதாரண அடித்தரையிலும் அது தவறு. அங்கே எடை அதிகம், மிதப்பு விசை போக மீதியைத் தரை தாங்குகிறது.

உள்ளே காலி இடமுள்ள எஃகுத் தொட்டி, படகு போன்றவற்றில் எஃகின் அடர்த்தியான 7850 ஐ வெளிக் கன அளவோடு பெருக்கி எடை காண்பதும் அடிக்கடி நடக்கும். எடைக்கு உலோகத்தின் கன அளவு மட்டும், மிதப்பு விசைக்கு வெளிப்புறத்தில் மூழ்கிய கன அளவு. ஒரே கணக்கில் இரண்டு V வந்தால், ஒன்றுக்கு ‘எஃகு’, மற்றதற்கு ‘மூழ்கியது’ என்று பக்கத்தில் தமிழிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ρ க்கும் அப்படியே. h வந்தால் ஒரு சின்ன படம் வரைந்து, நீர்மட்டத்திலிருந்து அம்புக்குறி போடட்டும்.